பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது தலைமையாசிரியர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். பேசிக்கொண்டிருக்கவில்லை. மறுமுனையில் யாராவது எடுக்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்விட்ச் ஆஃப்," என்றார், டீச்சரைப் பார்த்து. "நேத்து சாயங்காலம் கிளம்பும்போதே தங்கச்சியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு சொன்னார். பிரசவம். எதுவும் கேட்க முடியல. லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போயிட்டார்."

கம்ப்யூட்டர் சாரைப் பற்றித்தான் பேச்சு. பள்ளியின் மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அவருடைய லேப்டாப்பில்தான் இருந்தன. மற்ற வகுப்புகளுக்கு அவர் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மட்டும் பாக்கி. அவசரமாகக் கிளம்பும்போது, பஸ்ஸில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த பட்டியலை அப்படியே படம் பிடித்து ஆசிரியர்கள் குழுவில் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: "மன்னிக்கணும், மீதியை நீங்களே பார்த்துக்கோங்க."

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு கணக்கு டீச்சரின் வகுப்பு.

"பத்து மணிக்குப் பெத்தவங்க வந்துடுவாங்க," என்றார் தலைமையாசிரியர். "ஒன்பதரைக்குள்ள வகுப்பு சராசரி, ரேங்க், எத்தனை பேர் பாஸ், மூணும் போர்டுல ஒட்டியாகணும். முடியுமா?"

"ஏன் சார் முடியாது? மார்க் இருக்கு, பேப்பர் இருக்கு, தலை இருக்கு. வேறென்ன வேணும்?"

அவர் சிரிக்கவில்லை. பள்ளி நிர்வாகம் இந்த ஆண்டு புதிதாக ஒரு கோடு கிழித்திருந்தது. தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேராவது தேறாத பிரிவுக்கு, கோட்டைத் தாண்டும்வரை சனிக்கிழமை தோறும் சிறப்பு வகுப்பு. அதை அந்தப் பிரிவின் வகுப்பாசிரியரே எடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பிரிவுகள் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தன. மூன்றாவதும் விழுந்தால் நிர்வாகக் கூட்டத்தில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு டீச்சருக்கும் அதில் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. நாற்பத்துமூன்று வயதில் அவள் நீச்சல் பழகத் தொடங்கியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தவரை, வாரத்தில் பெண்களுக்கான வகுப்பு சனிக்கிழமை மட்டும்தான். போன வாரம்தான் முதல் தடவையாகக் குளத்தின் ஓரத்தைப் பிடிக்காமல் பத்தடி போயிருந்தாள். வீட்டில் கணவனிடம் அதைப் பத்து தடவை சொல்லியாகிவிட்டது.

ஜன்னலோர மேசையில் இங்கிலீஷ் டீச்சர் தன் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு ஆப் உண்டு.

"அக்கா, எதுக்கு நீங்க கஷ்டப்படறீங்க? படத்தைப் போட்டேன், கேள்வி கேட்டேன், முடிஞ்சது. பாருங்க." போனை நீட்டினாள். "சராசரி அறுபத்தொண்ணு புள்ளி எட்டு எட்டு. பதினஞ்சு பேர்ல பதிமூணு பேர் பாஸ். எண்பத்தாறு சதவீதத்துக்கு மேல வருது சார்! ரேங்க்கும் ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் வரிசையா குடுத்திருக்கு."

தலைமையாசிரியரின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. "அப்பாடா. அப்படியே பிரிண்ட் எடுத்துடும்மா."

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் கணக்கு டீச்சர். கைப்பையை மேசையில் வைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துடறேன்."

"மெஷின் தப்பு பண்ணுமா?"

"பண்ணாமலும் இருக்கலாம். ஆனா பத்து மணிக்குப் பெத்தவங்க முன்னாடி நிக்கப்போறது மெஷின் இல்லையே சார், நான்தானே. அரை மணி நேரம் குடுங்க."

அவள் சொன்ன விதத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. இருபது வருடமாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள், இன்னும் அரை மணி நேரம் கேட்கிறாள், அவ்வளவுதான். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

படம் அவள் போனில் மங்கலாகத்தான் தெரிந்தது. குழுவில் அனுப்பும்போதே பாதித் தெளிவு போயிருந்தது. வலது ஓரத்தில் மொத்த மதிப்பெண் இருக்க வேண்டிய பத்தி வெட்டுப்பட்டிருந்தது. ஐந்து பாடங்கள்: மொழிப்பாடம், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் நூறு. ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். ஒன்றில் தவறினாலும் தவறியதுதான்.

அவள் ஒரு முழு நீளத் தாளை எடுத்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டு போனாள். ஐந்தாவது மாணவனைத் தாண்டி அடுத்ததற்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க வாயேன்," என்று இங்கிலீஷ் டீச்சரைக் கூப்பிட்டாள். "உன் ஆப் இவனுக்குக் கணக்குல எவ்வளவுன்னு படிச்சிருக்கு?"

"எண்பத்துமூணு."

"முப்பத்துமூணு."

இங்கிலீஷ் டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எட்டு மாதிரிதான் அக்கா இருக்கு."

"எட்டு மாதிரிதான் இருக்கு. ஆனா அந்த முப்பத்துமூணைப் போட்டவளே நான்தான். ரெண்டு மார்க் எங்கேயாவது கிடைக்குமான்னு அவன் பேப்பரை மூணு தடவை புரட்டினேன். கிடைக்கல." அவள் தன் மதிப்பெண் குறிப்பேட்டை இழுத்துத் திறந்து, அந்த வரியைக் காட்டினாள். "ஆக, இவன் பாஸ் இல்ல."

"ஐயோ."

"இன்னொண்ணு. இந்தப் பொண்ணுக்கு அறிவியல்ல மார்க்குக்குப் பதிலா வரலைன்னு குறிச்சிருக்கு பாரு. உன் ஆப் அதை என்ன பண்ணியிருக்கு?"

"பூஜ்யம்னு எடுத்துருக்கு போல. ஃபெயில் லிஸ்ட்ல இருக்கா."

"காய்ச்சல்ல படுத்திருந்தா. டாக்டர் லெட்டர் குடுத்திருக்கா. லெட்டர் குடுத்தவங்களைத் தேர்வு எழுதினவங்க கணக்குலயே சேர்க்கக் கூடாது. சராசரியிலயும் கிடையாது, ஃபெயில்லயும் கிடையாது. தனியா ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். பூஜ்யம் வாங்கறது வேற, பரீட்சைக்கே வராதது வேற இல்லையா?"

இங்கிலீஷ் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைமையாசிரியர் எழுந்து போய் வாசலில் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

கணக்கு டீச்சர் கூட்டத் தொடங்கினாள். அவள் கூட்டும்போது உதடு அசையாது. இடது கை விரல் மட்டும் மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஒவ்வொரு மாணவருக்கும் குறுக்கே கூட்டி மொத்தம். 390. 275. 432. 223. இப்படிப் பதினான்கு பேர். எல்லா மொத்தங்களையும் சேர்த்தால் 4351. அடுத்து, அதே எண்களைப் பாடவாரியாக மேலிருந்து கீழே கூட்டினாள். மொழிப்பாடம் 905, ஆங்கிலம் 817, கணக்கு 850, அறிவியல் 876, சமூக அறிவியல் 903. ஐந்தையும் சேர்த்தாள். 4351.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துடுச்சு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்து இங்கிலீஷ் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரேங்க்?"

"ரேங்க் பாஸ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான். நம்ம ஸ்கூல்ல அதுதான் வழக்கம். அதனால இருநூத்திப் பத்தொன்பது வாங்கின இவனுக்கு ரேங்க் கிடையாது, இருநூறு வாங்கின அந்தப் பையனுக்கு உண்டு. அவன் எல்லாத்துலயும் எப்படியோ தத்தித் தடவி முப்பத்தஞ்சைத் தாண்டிட்டான். அப்புறம் முதல் இடத்துல ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் நானூத்தி முப்பத்திரெண்டு. உன் ஆப் ஒருத்தியை முதல்னும் இன்னொருத்தியை ரெண்டாவதுன்னும் போட்டிருக்கு. ரெண்டு பேரும் முதல் ரேங்க். அடுத்து நானூறு வாங்கினவ மூணாவது."

"ரெண்டாவது யாருமே இல்லையா?"

"அவளுக்கு முன்னாடி ரெண்டு பேர் நிக்கறாங்கல்ல. அப்போ அவ மூணாவது ஆள்தானே?"

தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். "மொத்தத்துல எவ்வளவு வருது, அதைச் சொல்லுங்க."

"பதினாலு பேர் எழுதினதுல பன்னிரண்டு பேர் பாஸ். எண்பத்தஞ்சு புள்ளி ஏழு ஒண்ணு. சராசரி அறுபத்திரெண்டு புள்ளி ஒண்ணு ஆறு."

"எண்பத்தஞ்சுக்கு மேல!" தலைமையாசிரியர் மேசையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். "மயிரிழைதான், ஆனா மேல. போதும்மா, போதும். எழுதிக் குடுங்க, நானே ஒட்டறேன்."

மணி ஒன்பதாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. டீச்சர் புதிய தாளை எடுத்துத் தலைப்பு எழுதினாள். மதிப்பெண் குறிப்பேட்டைத் திருப்பிப் பைக்குள் வைக்கப் போனவள், முப்பத்துமூன்றைப் போலவே தன் பாடத்தின் மற்ற எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடலாம் என்று நினைத்தாள். வழக்கம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. இடது கை குறிப்பேட்டின் மேல், வலது கை தாளின் மேல். 84, 84. 61, 61. 91, 91. இரண்டு விரல்களும் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன. பிறகு ஒரு வரியில் இடது விரல் 40 என்றது. வலது விரல் 76 என்றது.

குறிப்பேட்டில் அந்த 40க்கு அடுத்துத்தான் 76 இருந்தது.

அவள் போனை எடுத்துப் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். கணினி தானாகவே போடும் வரிசை எண்கள், சாம்பல் நிறத்தில், யாரும் கவனிக்காதபடி சின்னதாக. முதல் வரி தலைப்பு. இரண்டிலிருந்து மாணவர்கள். எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டு.

பதினொன்று இல்லை.

"சிட்டு," என்றாள் டீச்சர், தனக்குத்தானே.

வகுப்பில் ஒரு இடத்தில் உட்காராமல் பெஞ்சுக்குப் பெஞ்சு தாவும் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் அது. பதினாறு பேர் கொண்ட வகுப்பில் ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள். காலையிலிருந்து தானும் பதினாறைப் பதினைந்து என்றே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவள் காது சூடாகிவிட்டது. தினமும் வருகைப் பதிவில் பதினாறு பெயர் கூப்பிடுகிறவள்.

"சார், ஒருத்தி விட்டுப்போச்சு."

தலைமையாசிரியர் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். "அவ மார்க் எவ்வளவு?"

"கணக்கு நாற்பது. மத்தது அவங்கவங்க குறிப்பேட்டைப் பார்க்கணும்."

இங்கிலீஷ் டீச்சர் தன் குறிப்பேட்டை எடுக்கவே இல்லை. "முப்பத்தொண்ணு," என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்கு ஞாபகம் இருக்கு. கட்டுரையை எழுதவே இல்ல."

மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பதினான்கு பதினைந்தாகும். பாஸ் பன்னிரண்டிலேயே நிற்கும். வகுக்க எழுதுகோலே தேவையில்லை. எண்பது.

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். மூன்று வருடமாக இந்தப் பள்ளியின் ஒழுகும் கூரையையும், வராத ஆசிரியர்களையும், கேள்வி மேல் கேள்வி கேட்கும் நிர்வாகத்தையும் சமாளித்துக்கொண்டிருப்பவர். "இதோ பாருங்க," என்றார் மெதுவாக. "நமக்கு வந்தது இந்தப் படம். இதுல என்ன இருக்கோ அதைப் போட்டிருக்கோம். திங்கட்கிழமை அவர் வந்ததும் ஒழுங்கான லிஸ்டை எடுத்துத் திருத்திக்கலாம். இன்னிக்கு ஒரு நாள்தானே?"

"இன்னிக்குத்தானே சார் பெத்தவங்க வராங்க?"

"அந்தப் பொண்ணோட அம்மா பஸ் கண்டக்டர். சனிக்கிழமை டியூட்டி இருக்கும். இதுவரைக்கும் ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்லை."

"வரலைன்னா? வராதவங்க பிள்ளையை எண்ண வேண்டாமா?"

அவள் எழுந்தாள். நீச்சல் குளம் ஒரு கணம் கண் முன் வந்து போனது, ஓரத்தைப் பிடிக்காமல் போன அந்தப் பத்தடி. அவளுக்கு உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. ஆனால் எண்பது என்று தெரிந்த பிறகு கையால் எண்பத்தைந்து புள்ளி ஏழு ஒன்று என்று எழுத அவளால் முடியாது. எழுதினால் அந்த எண்ணைத் திங்கட்கிழமைவரை தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சார், உங்க சங்கடம் எனக்குத் தெரியும். கூட்டத்துல யாராவது கேட்டா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து சொல்றேன். மூணு பேர் ஃபெயில். யார் யார், எந்தப் பாடம், எத்தனை மார்க்ல விட்டாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தனுக்கு ரெண்டு மார்க். ஒருத்திக்கு நாலு மார்க். ஒருத்தன்தான் கொஞ்சம் கஷ்டம், ரெண்டு பாடம். அடுத்த பரீட்சைக்கு இந்த வகுப்பு கோட்டைத் தாண்டும். தாண்ட வைக்கிறேன். ஆனா இந்தத் தடவை தாண்டல."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "மத்த மார்க்கெல்லாம் எங்க இருக்கு?" என்றார் கடைசியில். "அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு."

அவரே போய்த் திறந்தார். மற்ற மூன்று குறிப்பேடுகளும் அங்கே இருந்தன. மொழிப்பாடம் 49. அறிவியல் 43. சமூக அறிவியல் 47. ஆங்கிலம் 31, கணக்கு 40. மொத்தம் 210. முந்தைய 4351ஓடு சேர்த்தால் 4561. பதினைந்தால் வகுத்து, ஐந்நூற்றுக்கு என்பதை நூற்றுக்கு மாற்றினால் 60.81.

டீச்சர் எழுதினாள், இங்கிலீஷ் டீச்சர் படித்துச் சொன்னாள். தேர்வு எழுதியவர் 15. விடுப்பில் இருந்தவர் 1. தேறியவர் 12. தேர்ச்சி 80 சதவீதம். வகுப்புச் சராசரி 60.81. கீழே பதினாறு பெயர்களும், மார்க்கோடு. ரேங்க் பத்தியில் மூன்று பேருக்கும் விடுப்பில் இருந்தவளுக்கும் ஒரு சிறு கோடு.

ஒன்பது முப்பத்திரண்டுக்குத் தலைமையாசிரியர் நான்கு மூலையிலும் பின் குத்தி ஒட்டினார்.

பத்தேகால் இருக்கும். வகுப்பறையில் ஏழெட்டுப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ரேங்க் வாங்கிய இருவரின் அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது. சீருடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். தோளில் டிக்கெட் பை. மூச்சு வாங்கியது. அவளுக்குப் பின்னால், வர மாட்டேன் என்று இழுத்துக்கொண்டே வந்தது சிட்டு. எப்போதும் தாவுகிறவள் இன்று சுவரோடு ஒட்டி நின்றாள்.

"யாருங்க இங்க கிளாஸ் டீச்சர்?"

"நான்தாங்க. வாங்க, உட்காருங்க."

"உட்கார நேரமில்லைங்க, அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு." அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை பேசிப் பழகிய குரல். "என் பொண்ணைக் கிளாஸ்லேர்ந்து எடுத்துட்டீங்களாமே?"

பெற்றோர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் சொன்னா?"

"நேத்து ராத்திரி யாரோ ஒரு டீச்சர் வீட்டுப் பிள்ளையோட போன்ல மார்க் லிஸ்ட் படம் வந்திருக்கு. எல்லார் பேரும் இருக்கு, இவ பேரை மட்டும் காணோம். படிக்காத பிள்ளைங்களை எடுத்துட்டா ஸ்கூலுக்கு நல்ல பேர் வரும், அதான் எடுத்துட்டாங்கன்னு பசங்க சொல்லியிருக்காங்க. சாப்பிடாம படுத்துட்டா. ஃபெயில்னா ஃபெயில்னு போடுங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன். ஆளே இல்லைன்னு எப்படிப் போடுவீங்க? நானும் தினமும் தலையை எண்ணிட்டு வேலை பார்க்கறவதான். கம்மியா எண்ணினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

டீச்சர் எழுந்து வந்தாள். விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. "என்கூட வாங்க," என்று சொல்லி, வராந்தாவில் இருந்த பலகைக்கு அழைத்துப் போனாள். சிட்டுவையும் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

கண்டக்டர் மேலிருந்து கீழே படித்தாள். விரல் வைத்து, ஒவ்வொரு பெயராக. பத்தாவது இடத்தில் விரல் நின்றது. பெயர், ஐந்து மார்க், மொத்தம் 210. ஆங்கிலத்துக்கு நேரே 31ஐச் சுற்றி ஒரு வட்டம்.

அவள் அந்த வரியை இரண்டாவது தடவை படித்தாள்.

"படத்துல ஒரு வரி மறைஞ்சுபோச்சு," என்றாள் டீச்சர். "எப்படின்னு எனக்கு இன்னும் தெரியல. யாரும் வேணும்னு எடுக்கல, அது மட்டும் நிச்சயம். ஆனா நானும் முதல்ல கவனிக்காம இவ இல்லாமதான் கணக்குப் போட்டேன். அது என் தப்பு. அப்புறம் பார்த்துட்டுச் சேர்த்தேன்."

"சேர்த்ததுல உங்க கிளாஸுக்குக் கம்மியாயிருக்குமே?"

கேள்வி சட்டென்று வந்தது. டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆயிடுச்சு. எண்பத்தஞ்சு வேணும், எண்பதுதான் இருக்கு."

"இவளாலயா?"

"மூணு பேரால. இவளும் ஒருத்தி. அதுல ஒண்ணும் பொய் இல்ல. ஆனா பாருங்க, நாலே நாலு மார்க். கணக்குல நாற்பது வாங்கியிருக்கா, அது சும்மா வராது. கட்டுரையை எழுதாமலே விட்டுட்டு வந்திருக்கா. எழுதியிருந்தா இந்நேரம் பன்னிரண்டாவது ரேங்க்." டீச்சர் சிட்டுவின் பக்கம் திரும்பினாள். "ஏன் எழுதல?"

சிட்டு தரையைப் பார்த்தாள். "நேரம் போயிடுச்சு டீச்சர்."

"நேரம் போகல. நீ ஜன்னல் வழியா வெளியே பார்த்துட்டிருந்தே, நான்தான் அன்னிக்குக் காவல்."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இருப்பதை நினைத்து உடனே வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்டக்டருக்குக் கோபப்பட முடியவில்லை. கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு டிக்கெட் பையைச் சரிசெய்தாள்.

"இவளைச் சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்புங்க," என்றாள் டீச்சர். "எப்படியும் நான் வந்துதான் ஆகணும்."

"நானே இறக்கிவிட்டுப் போறேன். இந்த ரூட்தான்." அவள் இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். "வரும்போது சண்டை போடணும்னுதான் வந்தேன். மனசுல என்னென்னவோ எழுதி வச்சிருந்தேன். எல்லாம் வீணாப்போச்சு." சொல்லிவிட்டு ஓடினாள்.

மதியம் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் சாரின் போன் உயிர் பெற்றது. குழுவில் வந்திருந்த செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டார். பதினாறு பேரும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று பஸ் குலுங்கக் குலுங்க வரிகளைச் சுருக்கியிருக்கிறார். ஒரு வரியின் கீழ்க்கோடு மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்தது முழுக்க மறைந்துவிட்டது. அழியவில்லை, மறைந்திருந்தது. இழுத்துவிட்டால் வந்துவிடும். "நீங்க போட்ட சராசரியும் இதுல வர்றதும் ஒண்ணுதான் டீச்சர், புள்ளிக்கு அப்புறம் வரைக்கும்," என்றார், கொஞ்சம் வியப்போடு.

"வராம எங்க போகும்?" என்றாள் டீச்சர். "பாப்பாவா, தம்பியா? அதைச் சொல்லுங்க முதல்ல."

பாப்பா. மூன்று கிலோ நூறு.

நிர்வாகக் கூட்டத்தில் தலைமையாசிரியரைக் கேட்கத்தான் செய்தார்கள். அவர் டீச்சரைக் கூப்பிடவில்லை. டீச்சர் சொன்ன அதே வார்த்தைகளை, ரெண்டு மார்க், நாலு மார்க் என்று, தன் வார்த்தைகளைப் போலச் சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டே, "கொஞ்சம் சத்தம் போட்டாங்க, அவ்வளவுதான்," என்றார். டீச்சர் நீச்சல் வகுப்புக்காரியிடம் கேட்டதில், வாரநாள் காலை ஆறு மணிக்கும் ஒரு வகுப்பு இருப்பதாகவும் தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும் என்றும் தெரிந்தது. டீச்சர் போனாள். கொஞ்சம் அல்ல, பல் தந்தியடித்தது. இருந்தும் போனாள்.

சனிக்கிழமைகளில் இங்கிலீஷ் டீச்சரும் வரத் தொடங்கினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கட்டுரை என் பாடம் அக்கா, என்றாள். சிட்டுவை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். முப்பத்துமூன்று வாங்கியவன் வாரா வாரம் வந்தான். இரண்டு பாடத்தில் விழுந்தவன் ஒரு வாரம் வந்தால் ஒரு வாரம் வரமாட்டான். டீச்சர் அவன் வீட்டுக்கு இரண்டு தடவை போய்க் கூட்டிவந்தாள்.

அடுத்த பரீட்சையில் பதினாறு பேரும் எழுதினார்கள். பதினான்கு பேர் பாஸ். எண்பத்தேழரை. இரண்டு பாடத்தில் விழுந்திருந்தவன் ஆங்கிலத்தில் தேறிக் கணக்கில் மறுபடி விழுந்தான். எல்லாப் பாடத்திலும் தத்தித் தடவித் தாண்டிய அந்த இருநூறு மார்க் பையன் இந்தத் தடவை ஆங்கிலத்தில் இரண்டு மார்க்கில் விட்டான். டீச்சருக்கு அது உறுத்தியது. விழுந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், விளிம்பில் நின்றவனைப் பார்க்கவில்லை. அவனையும் சனிக்கிழமைக்கு வரச் சொன்னாள். கோட்டைத் தாண்டியாகிவிட்டதே, இன்னும் எதற்குச் சிறப்பு வகுப்பு என்று தலைமையாசிரியர் கேட்டார். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே சார், என்றாள்.

சிட்டுவுக்கு ஆங்கிலத்தில் 44. பதினோராவது ரேங்க்.

அந்த வாரம் ஒரு நாள் மாலை, கூட்டம் பிதுங்கிய பஸ்ஸில் டீச்சர் எப்படியோ ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள். கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. பின்னாலிருந்து ஒரு குரல் எல்லாத் தலைகளையும் தாண்டி வந்தது.

"அந்த மூணாவது சீட்டு அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க! டீச்சர் நிக்கறாங்க!"

"பரவாயில்லைங்க, நான் அடுத்ததுல இறங்கிடுவேன்," என்றாள் டீச்சர், முகம் சிவக்க.

"நீங்க உட்காருங்க டீச்சர்." கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள். எழுந்து நின்ற ஆளிடம், கேட்காமலே விளக்கம் சொன்னாள். "என் பொண்ணோட கணக்கு டீச்சர் அண்ணே. பதினோராவது ரேங்க்!"

"எத்தனை பேர்ல?" என்று கேட்டார் அவர், மரியாதையாக.

"பதினாறு பேர்ல," என்றாள் கண்டக்டர், தலையை நிமிர்த்தி. "பதினாறு."